அம்மாவின் கைப்பேசி தொலைந்தது. புதியதில் வாட்ஸப் காலியாக இருக்கிறது

கோவில்பட்டிக்காரன் (புதன், காலை 7.40)

சென்ற வெள்ளிக்கிழமை சாத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும்போது அம்மா கைப்பேசியைத் தொலைத்துவிட்டார். அழைத்தபோது இரண்டு முறை மணி அடித்தது, பிறகு அணைத்துவிட்டார்கள். சனிக்கிழமை அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்கினோம். புதிதாக ஓர் ஆண்ட்ராய்டு கைப்பேசியும் வாங்கினோம். கடையில் இருந்த பையன் அம்மா பெயரில் ஒரு புது ஜிமெயில் கணக்கு தொடங்கி, வாட்ஸப்பையும் போட்டுக் கொடுத்துவிட்டான்.

குழுக்களின் பெயர்கள் இருக்கின்றன. உள்ளே போனால் சனிக்கிழமைக்கு முந்தைய ஒரு வரிகூட இல்லை. அப்பா மறைந்து இரண்டு ஆண்டாகிறது. அவர் அம்மாவுக்கு அனுப்பிய குரல் பதிவுகள் பழைய கைப்பேசியில்தான் இருந்தன. மற்றவை போனால் போகட்டும், அவை மட்டுமாவது கிடைக்குமா? பழைய கைப்பேசியில் வேறொரு ஜிமெயில் இருந்தது, என் தம்பி தொடங்கிக் கொடுத்தது. அதில் பிரதி எடுக்கும்படி வைத்திருந்தோமா என்பது யாருக்கும் நினைவில்லை.

சுப்பு மாமா (புதன், காலை 8.05)

தம்பி, கவலை வேண்டாம். வாட்ஸப் தினமும் இரவு இரண்டு மணிக்குத் தானாகவே பிரதி எடுத்துவிடும், யாரும் எதையும் இயக்க வேண்டியதில்லை. கடைசி ஏழு நாள் பிரதிகள் எப்போதும் இருக்கும். செயலியை நீக்கிவிட்டு மறுபடியும் நிறுவினால் Restore என்று கேட்கும், அதை அழுத்துங்கள், முடிந்தது. நான் என் கைப்பேசியில் இரண்டு முறை செய்திருக்கிறேன்.

முருங்கைமரம் (புதன், காலை 8.31)

கோவில்பட்டிக்காரரே, மாமா சொன்னபடி எதையும் நீக்கிவிடாதீர்கள். முதலில் ஒன்று செய்யுங்கள். புதிய கைப்பேசியில் வாட்ஸப் அமைப்புகளில் Chats, அதற்குள் Chat backup. அங்கே தினமும் என்று இருந்தால் அதை Off ஆக்குங்கள். இப்போதே. செய்துவிட்டு, அதே பக்கத்தில் எந்த ஜிமெயில் முகவரி தெரிகிறது என்று எழுதுங்கள்.

மாமா, நீங்கள் சொல்லும் இரவு இரண்டு மணிப் பிரதி உண்மைதான். ஆனால் அது அந்தக் கைப்பேசியின் நினைவகத்திலேயே, Databases என்ற கோப்புறையில் உட்கார்ந்திருக்கும். உங்கள் கையில் அதே கைப்பேசி இருந்ததால் இரண்டு முறையும் வேலை செய்தது. இவர் அம்மாவின் ஏழு நாள் பிரதிகள் கைப்பேசியோடு பஸ்ஸில் போய்விட்டன. இவருக்கு உதவக்கூடியது கூகுள் டிரைவில் இருக்கும் பிரதி மட்டுமே, அது வேறு. அதைத் தனியாக இயக்கியிருக்க வேண்டும்.

சுப்பு மாமா (புதன், காலை 8.44)

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த Off எதற்கு? பிரதி எடுப்பது நல்லதுதானே?

முருங்கைமரம் (புதன், காலை 9.02)

ஒரு ஜிமெயில் கணக்கில் ஓர் எண்ணுக்கு ஒரே ஒரு பிரதிதான் இருக்கும். புதியது ஏறும்போது பழையது அழிந்துவிடும். முந்தைய பிரதி வேண்டும் என்று கேட்க வழியில்லை. புதிய கைப்பேசியில் Restore கேட்கும்போது யாராவது Skip அழுத்திவிட்டால், காலி வாட்ஸப் அன்றிரவே தன் காலிப் பிரதியை மேலே அனுப்பி நல்ல பிரதியின் மீது உட்கார்ந்துவிடும். கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் பதினோரு ஆண்டு இருந்தேன். கைப்பேசி தொலைந்ததால் உரையாடலை இழந்தவர்களைவிட, புதியது வாங்கிய மறுநாள் காலையில் இழந்தவர்களை அதிகம் பார்த்திருக்கிறேன்.

கோவில்பட்டிக்காரன் (புதன், காலை 9.20)

Off செய்துவிட்டேன். தினமும் என்றுதான் இருந்தது. கடைசிப் பிரதி இன்று அதிகாலை எடுத்ததாகக் காட்டுகிறது. முகவரி, கடைப் பையன் தொடங்கிய புது ஜிமெயில். எல்லாம் போய்விட்டதா?

முருங்கைமரம் (புதன், காலை 9.27)

இல்லை. சொல்லப்போனால் உங்கள் நல்ல காலம். புதுக் கணக்கு வேறு, பழைய கணக்கு வேறு. நான்கைந்து நாட்களாக ஏறிய காலிப் பிரதி புதுக் கணக்கில்தான் ஏறியிருக்கிறது. பழைய கணக்கில் ஏதாவது இருந்தால் அதை இன்னும் யாரும் தொடவில்லை. கடைகளில் ஆளுக்கொரு ஜிமெயில் புதிதாகத் தொடங்கிக் கொடுப்பதை நான் எப்போதும் திட்டுவேன். இந்த ஒரு முறை அந்தப் பையன் செய்த தவறு உங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

இனி பழைய கணக்கிற்குள் நுழைய வேண்டும். கணினியில் நுழைந்து drive.google.com திறந்து, Storage பக்கத்தில் Backups என்பதைப் பாருங்கள். வாட்ஸப் பிரதி இருந்தால் தேதியோடு அங்கே தெரியும். திறந்து படிக்க முடியாது, இருக்கிறதா என்று பார்க்கத்தான் முடியும். அழிக்கும் வசதியும் அங்கேயே இருக்கிறது, கை தவறிவிடாதீர்கள்.

தென்காசிச் சாரல் (புதன், காலை 10.15)

நல்ல நேரத்தில் இந்த இழையைப் பார்த்தேன். நான் ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறுகிறேன். டிரைவில் பிரதி பத்திரமாக இருக்கிறது. ஐபோனில் கூகுள் டிரைவ் செயலியைப் போட்டு எடுத்துக்கொண்டால் போதும் என்றுதானே சொல்கிறீர்கள்?

முருங்கைமரம் (புதன், காலை 10.40)

அப்படிச் சொல்லவில்லை. டிரைவில் இருக்கும் வாட்ஸப் பிரதியை ஐபோன் எடுத்துக்கொள்ளாது. அது ஐகிளவுட் பிரதியை மட்டுமே படிக்கும். உங்களுக்கு வழி Move to iOS என்ற செயலி. இரண்டு கைப்பேசிகளும் பக்கத்தில் இருக்க வேண்டும், ஐபோன் புதிதாகவோ முழுவதும் அழித்துப் புதிதாக்கியதாகவோ இருக்க வேண்டும். ஆகவே பழைய ஆண்ட்ராய்டைத் தள்ளுபடிக்குக் கொடுப்பதற்கு முன் இதை முடித்துவிடுங்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால், யாரிடமாவது ஓர் ஆண்ட்ராய்டு கடன் வாங்கி, டிரைவ் பிரதியை முதலில் அதில் இறக்கி, அதிலிருந்து ஐபோனுக்கு மாற்ற வேண்டியிருக்கும்.

கோவில்பட்டிக்காரன் (புதன், மதியம் 1.10)

பழைய ஜிமெயிலின் கடவுச்சொல் தம்பிக்கு நினைவில்லை. மறந்துவிட்டது என்று கொடுத்தால், தொலைந்த கைப்பேசியில் வந்திருக்கும் அறிவிப்பில் 'ஆம்' என்று அழுத்தச் சொல்கிறது! அந்தக் கைப்பேசி யார் கையில் இருக்கிறதோ, அவர்தான் 'ஆம்' சொல்ல வேண்டும்.

இரவுப்பணி (புதன், மதியம் 1.35)

வேறு வழி என்று கீழே இருக்கும், அதை அழுத்தினால் குறுஞ்செய்தியில் எண் அனுப்பும். மாற்று சிம் சனிக்கிழமை வாங்கியது என்றால் இப்போது வந்துவிடும். மாற்று சிம் இயங்கத் தொடங்கிய முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வராது, மோசடியைத் தடுக்க அப்படி வைத்திருக்கிறார்கள். எனக்கு அது தெரியாமல், எண் வரவில்லை, எண் வரவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்டு, வாட்ஸப் என்னைப் பல மணி நேரம் காத்திருக்க வைத்துவிட்டது. அழைப்பு வழியாக எண் சொல்லும்படி கேட்டிருந்தால் அப்போதே முடிந்திருக்கும்.

இன்னொன்று. அந்த ஜிமெயிலை முன்பு திறந்து பார்த்த கணினி எதுவும் வீட்டில் இருந்தால் அங்கே உட்கார்ந்து முயலுங்கள். பழகிய கருவி, பழகிய இடம் என்றால் கூகுள் எளிதாக நம்பும்.

நிலாமுற்றம் (புதன், மதியம் 2.20)

ஒரு வேண்டுகோள். கணக்கிற்குள் நுழைந்துவிட்டாலும் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். என் கதை இது. பிரதிக்குப் பூட்டுப் போடும் வசதி 2021-ல் வந்தது அல்லவா, அதை ஆசையாக இயக்கினேன். கடவுச்சொல்லுக்குப் பதில் 64 இலக்கக் குறியைத் தேர்ந்தெடுத்தேன். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே கைப்பேசியில் வைத்திருந்தேன். கைப்பேசி தண்ணீரில் விழுந்தது. டிரைவில் 6 ஜிபி பிரதி இருக்கிறது, தேதி சரி, எண் சரி, கணக்கு சரி. திறக்க முடியவில்லை. வாட்ஸப்பாலும் முடியாது, கூகுளாலும் முடியாது. வீட்டைப் பூட்டிச் சாவியை உள்ளேயே வைத்தவள் நான்.

சுப்பு மாமா (புதன், மதியம் 2.41)

அதனால்தான் நான் பூட்டே போடுவதில்லை. அம்மாவுக்கும் போட வேண்டாம்.

இரவுப்பணி (புதன், மதியம் 2.58)

எனக்கு உடன்பாடில்லை, மாமா. பூட்டு இல்லாவிட்டால் அந்தப் பிரதிக்குக் கைப்பேசி எண்ணையும் ஜிமெயில் கடவுச்சொல்லையும் தவிர வேறு காவல் இல்லை, அந்தக் கடவுச்சொல்லையும் வீட்டில் நான்கு பேர் தெரிந்துவைத்திருப்பார்கள். உரையாடலில் வங்கிப் புத்தகப் படம், ஆதார் படம் எல்லாம் கிடக்கிறது. பூட்டுப் போடுங்கள். 64 இலக்கம் வேண்டாம், கடவுச்சொல்லாக வைத்து வீட்டு டைரியில் எழுதுங்கள்.

சுப்பு மாமா (புதன், மதியம் 3.10)

டைரியைத் தேட ஒரு பூட்டு, பூட்டைத் திறக்க ஒரு டைரி. உங்கள் தலைமுறைக்கு இது சரி. 68 வயதுக்காரிக்குச் சரிப்படாது.

கோவில்பட்டிக்காரன் (புதன், இரவு 8.50)

நுழைந்துவிட்டேன்! தம்பியின் பழைய கணினியில் முயன்றோம், குறுஞ்செய்தி எண் வந்தது. Backups பக்கத்தில் வாட்ஸப் பிரதி இருக்கிறது. ஆனால் தேதி மார்ச் 2. இப்போது மே. கைப்பேசி தொலைந்தது சென்ற வெள்ளிக்கிழமை. நடுவில் இரண்டு மாதம் எங்கே போயிற்று?

முருங்கைமரம் (புதன், இரவு 9.15)

அதே Storage பக்கத்தில் மேலே எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். 15 ஜிபிக்கு 15 ஜிபி என்று இருந்தால் விடை அதுதான்.

கோவில்பட்டிக்காரன் (புதன், இரவு 9.18)

14.98 ஜிபி. சிவப்பாகக் காட்டுகிறது.

முருங்கைமரம் (புதன், இரவு 9.50)

நினைத்தேன். இந்த 15 ஜிபி ஜிமெயில், டிரைவ், புகைப்படங்கள் மூன்றுக்கும் பொதுப் பானை. 2021 ஜூன் முதல் தேதி வரை கூகுள் போட்டோஸ் சற்றுத் தரம் குறைத்த படங்களைக் கணக்கில் சேர்க்காமல் இலவசமாக வைத்துக்கொண்டது, அதன் பிறகு ஏறியவை பானைக்குள். ஆண்ட்ராய்டு வாட்ஸப் பிரதியும் முன்பு கணக்கில் சேராது, 2024-லிருந்து அதுவும் சேர்கிறது. நீங்கள் எதையும் மாற்றியிருக்க மாட்டீர்கள். பானை நிரம்பிய அன்று வாட்ஸப் பிரதி, புகைப்படப் பிரதி இரண்டும் நின்றிருக்கும். வாட்ஸப் ஓர் அறிவிப்பு காட்டியிருக்கும், அம்மா அதை விரலால் தள்ளிவிட்டிருப்பார். எல்லா அம்மாக்களும் தள்ளிவிடுவார்கள்.

மார்ச் 2-க்குப் பிந்தையது வராது, மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள். அப்பாவின் பதிவுகள் இரண்டு ஆண்டுக்கு முந்தையவை என்பதால் அவை பிரதிக்குள் இருக்க வேண்டும். குரல் பதிவும் படமும் பிரதியில் சேரும். வீடியோ மட்டும் தனியாக இயக்கியிருந்தால்தான் சேரும்.

இப்போது மீட்பு. நிதானமாக, வைஃபையில், சார்ஜரில் செருகிக்கொண்டு செய்யுங்கள்.

சனிக்கிழமையிலிருந்து வந்த செய்திகள் இதில் போய்விடும். பழையதையும் புதியதையும் ஒன்றாகச் சேர்க்க வழி கிடையாது. அவற்றில் முக்கியமான உரையாடல் இருந்தால் அதைத் திறந்து Export chat கொடுத்து உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். பிறகு கைப்பேசியின் கோப்புச் செயலியில் Android, media, com.whatsapp, WhatsApp என்று உள்ளே போனால் Databases இருக்கும். அதன் பெயரை Databases-old என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் வாட்ஸப் மீட்கும்போது டிரைவைப் பார்க்காமல் கையருகே கிடக்கும் ஐந்து நாள் பிரதியை எடுத்துக்கொள்ளக்கூடும்.

அடுத்து, கைப்பேசியின் கணக்குகள் பகுதியில் பழைய ஜிமெயிலைச் சேர்த்துவிட்டு, கடைப் பையனின் ஜிமெயிலைத் தற்காலிகமாக அகற்றுங்கள். இரண்டும் இருந்தால் எந்தக் கணக்கில் தேடுகிறது என்று குழப்பம் வரும். அதன் பிறகுதான் வாட்ஸப்பை நீக்கி மறுபடி நிறுவ வேண்டும். பிரதி எடுத்த அதே எண்ணைக் கொடுங்கள். எண் உறுதியானதும் அனுமதி கேட்கும், கொடுங்கள். பிரதியின் தேதியும் அளவும் திரையில் வரும். அந்தத் தேதி மார்ச் 2 என்று இருந்தால் மட்டும் Restore. வேறு தேதி வந்தாலோ, பிரதி எதுவும் இல்லை என்று சொன்னாலோ Skip அழுத்தாமல் செயலியை மூடிவிட்டு இங்கே எழுதுங்கள். இந்தக் கேள்வி பதிவு செய்யும் நேரத்தில் மட்டும்தான் வரும். பிறகு அமைப்புகளில் எங்கே தேடினாலும் Restore கிடையாது.

இரவுப்பணி (புதன், இரவு 10.05)

வாட்ஸப்பில் Two-step verification என்ற ஆறு இலக்க இரண்டாம் பூட்டு வைத்திருந்தால் அதையும் கேட்கும். மறந்திருந்தால், மின்னஞ்சலும் கொடுத்துவைக்காதவர் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். அம்மாவிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.

கோவில்பட்டிக்காரன் (வியாழன், காலை 6.30)

இரண்டாம் பூட்டு இல்லை. முதல் முறை பிரதி இல்லை என்றது, எனக்கு உயிரே போய்விட்டது. நீங்கள் சொன்னபடி மூடிவிட்டுப் பார்த்தால், பழைய ஜிமெயிலைச் சேர்த்திருந்தேனே தவிர, கடைப் பையனின் ஜிமெயிலை அகற்றவில்லை. அகற்றிவிட்டு மறுபடி நிறுவினேன். மார்ச் 2, 3.1 ஜிபி என்று வந்தது. Restore அழுத்தினேன்.

உரையாடல்கள் பத்து நிமிடத்தில் வந்துவிட்டன. அப்பாவின் பெயரைத் திறந்தால் குரல் பதிவுகளின் இடத்தில் எல்லாம் கீழ்நோக்கிய அம்புக்குறிதான் இருந்தது. தொட்டால் இறங்கவில்லை. இறங்காது போலிருக்கிறது என்று நினைத்து அம்மாவிடம் சொல்லவில்லை.

முருங்கைமரம் (வியாழன், காலை 7.05)

பொறுங்கள். எழுத்து முதலில் வரும், படமும் குரலும் பின்னால் ஒவ்வொன்றாக இறங்கும். 3 ஜிபி என்றால் உங்கள் இணைய வேகத்தைப் பொறுத்துச் சில மணி நேரம் ஆகலாம். மேலே அறிவிப்பில் எத்தனை விழுக்காடு என்று ஓடிக்கொண்டிருக்கும். பேட்டரி சேமிப்பை அணைத்துவிடுங்கள், அது பின்னணி வேலையை நிறுத்திவிடும்.

கோவில்பட்டிக்காரன் (வியாழன், மதியம் 12.15)

இறங்கிவிட்டன. அப்பாவின் பதிவுகள் நாற்பத்தொன்று. பெரும்பாலும் 'பால் வாங்கிவிட்டேன்', 'வர நேரமாகும்' என்பவைதான். அம்மா காலையிலிருந்து அவற்றை வரிசையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார், சமையல் ஆகவில்லை.

இனி இது நிற்காமல் ஓட என்ன செய்ய வேண்டும்? புகைப்படங்களும் மார்ச் மாதத்தோடு நின்றிருக்கின்றன.

முருங்கைமரம் (வியாழன், மதியம் 1.30)

மகிழ்ச்சி. அந்த நாற்பத்தொன்றையும் அம்மா கைப்பேசியிலிருந்து எடுத்து உங்கள் கணினியில் ஒரு கோப்புறையில் போட்டுவிடுங்கள். வாட்ஸப் பிரதி என்பது வாட்ஸப் மட்டும் திறக்கும் பெட்டி. அந்தக் குரல் பெட்டிக்கு வெளியிலும் இருக்க வேண்டும்.

பானையில் இடம் செய்வது முதல் வேலை. இல்லாவிட்டால் நீங்கள் எதை இயக்கினாலும் ஏறாது. வாட்ஸப் அமைப்புகளில் Storage and data, அதில் Manage storage. பெரிய கோப்புகளும் பலமுறை சுற்றி வந்தவையும் தனியாகத் தெரியும். காலை வணக்க வீடியோக்களை அம்மாவின் சம்மதத்தோடு அழியுங்கள். பிறகு Chat backup திறந்து, கணக்கு பழைய ஜிமெயில்தானா என்று பார்த்து, தினமும் என்று வையுங்கள். வீடியோவை அணைத்தே வைத்திருங்கள். முதல் பிரதியை நீங்களே Back up அழுத்தி எடுத்து, தேதி மாறுகிறதா என்று பாருங்கள். அந்தத் தேதி மாறினால்தான் பிரதி ஏறியதாக அர்த்தம்.

புகைப்படத்துக்குக் கூகுள் போட்டோஸில் மேலே அம்மாவின் வட்டப் படத்தைத் தொட்டால் Backup இருக்கும். தரத்தில் Storage saver போதும். பலரும் விடும் இடம் ஒன்று உண்டு. அது கேமராவில் எடுத்த படங்களை மட்டும்தான் தானாக ஏற்றும். வாட்ஸப்பில் வந்த படங்கள் ஏற வேண்டும் என்றால் Back up device folders என்பதில் WhatsApp Images கோப்புறையைத் தனியாக இயக்க வேண்டும். ஆனால் அவை ஏற்கெனவே வாட்ஸப் பிரதிக்குள்ளும் ஏறுவதால் ஒரே படம் பானையில் இரண்டு முறை இடம்பிடிக்கும். அம்மாவுக்கு நான் அதை இயக்க மாட்டேன்.

நிலாமுற்றம் (வியாழன், மதியம் 2.00)

போட்டோஸில் அழித்தால் கைப்பேசியில் மட்டும் போகாது, மேலேயும் போய்விடும் என்பதை அம்மாவுக்குச் சொல்லிவிடுங்கள். இடம் வேண்டும் என்று என் தங்கை இரண்டு ஆண்டுப் படங்களைத் தேர்ந்தெடுத்து அழித்தாள். குப்பைத் தொட்டியில் 60 நாள் இருந்ததால் பிழைத்தாள். கைப்பேசியில் மட்டும் இடம் செய்ய Free up space என்று தனியாக இருக்கிறது.

தென்காசிச் சாரல் (வியாழன், மதியம் 2.25)

15 ஜிபியைத் துடைத்துக்கொண்டே இருப்பதற்குப் பணம் கட்டி 100 ஜிபி வாங்கிவிடலாமே? நான் கட்டுகிறேன், ஒரு வேளை டிபன் காசுதான் மாதத்துக்கு.

முருங்கைமரம் (வியாழன், மதியம் 2.50)

கட்டலாம். ஆனால் கட்டுவது யார் அட்டை, அது காலாவதியானால் யாருக்குச் செய்தி வரும் என்பதை முடிவு செய்துவிட்டுக் கட்டுங்கள். சந்தா நின்றால் பானை மறுபடி 15 ஜிபி, புதிய பிரதி ஏறாது. மார்ச் 2 கதை திரும்பும்.

கோவில்பட்டிக்காரன் (வியாழன், இரவு 9.30)

4 ஜிபி இடம் செய்தோம். பிரதி ஏறிவிட்டது, தேதி இன்று. ஜிமெயிலுக்கு அவசரக் குறிகள் பத்தை அச்சிட்டு ரேஷன் அட்டை உறையில் வைத்திருக்கிறேன். அடுத்த முறை தொலைந்த கைப்பேசியிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டாம். பிரதிக்குப் பூட்டுப் போடுவதா என்று வீட்டிலும் சண்டை, தம்பி இரவுப்பணி பக்கம், அம்மா மாமா பக்கம்.

ஒன்று மட்டும் மீதி. மார்ச் 2-க்குப் பின் வந்த குடும்பக் குழுச் செய்திகளில் அத்தை மகள் வளைகாப்புப் படங்கள் இருந்தன. அவளுடைய கைப்பேசியிலிருந்து அந்தக் குழுவை Export செய்து அனுப்பினால் அம்மாவின் வாட்ஸப்புக்குள் ஏற்ற முடியுமா?

முருங்கைமரம் (வியாழன், இரவு 9.48)

உள்ளே ஏறாது. எழுத்துக் கோப்பாகவும் படங்களாகவும் வரும், படித்துக்கொள்ளலாம், பார்த்துக்கொள்ளலாம். Include media கொடுக்கச் சொல்லுங்கள்.

சுப்பு மாமா (வியாழன், இரவு 10.02)

என் Chat backup பக்கத்தை இப்போதுதான் திறந்து பார்த்தேன். கூகுள் கணக்கு என்ற இடத்தில் ஒன்றுமே இல்லை. முருங்கைமரம் ஐயா, நாளை காலை அழைக்கலாமா?